மூன்றரை மீட்டரும் இரண்டரை மீட்டரும் ஒரே விலை

வீடு கட்டும் இடத்தில் பின்பக்கம் போய்ப் பார்த்தால் அநேகமாக ஒரு குவியல் கிடக்கும். இரண்டடி, நான்கடி, ஆறடி என்று பல நீளங்களில் கம்பித் துண்டுகள். வேலை முடிந்ததும் அவை காயலான் கடைக்கு எடைக்குப் போகும். கிலோ கணக்கில் வாங்கிய கம்பி, அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிலோ கணக்கிலேயே திரும்பிப் போவதைப் பார்க்கும் வீட்டுக்காரருக்கு ஒரு சந்தேகம் வரும்: மேஸ்திரி டேப் பிடித்து அளந்துதானே வெட்டினார், பிறகு எப்படி இவ்வளவு மிஞ்சியது?

மேஸ்திரியைக் கேட்டால், “கம்பின்னா வேஸ்ட் வரத்தான் சார் செய்யும்” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு வேஸ்ட் தவிர்க்க முடியாதது, எவ்வளவு வீணாகப் போனது என்பதை அந்தக் குவியலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பெரிய துண்டுகள் கிடந்தால் வெட்டியவர் கவனக்குறைவானவர் என்று நினைக்கத் தோன்றும். அந்த நினைப்பு பல நேரம் தலைகீழானது. அதற்குக் காரணம் தெரிய ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

140 துண்டுகள்

கட்டுமானக் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. சைட்டில் அதை ‘நாற்பதடிக் கம்பி’ என்பார்கள். ஒரு கட்டடத்துக்கு 16 எம்.எம். கம்பியில் மூன்று நீளங்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். 5 மீட்டரில் 40 துண்டு, 3.5 மீட்டரில் 60 துண்டு, 2.5 மீட்டரில் 40 துண்டு. கணக்கு எளிதாக இருப்பதற்காகவே இந்த எண்கள். உண்மையான சைட்டில் பத்து, பதினைந்து நீளங்கள் இருக்கும்.

எல்லாத் துண்டுகளையும் நீளவாக்கில் கூட்டினால் 510 மீட்டர். அதை 12-ஆல் வகுத்தால் 42.5. எனவே 43 கம்பிக்குக் கீழே யாராலும் போக முடியாது. இது முதல் எல்லை.

இப்போது வெட்ட ஆரம்பிக்கலாம். பெரும்பாலான சைட்டுகளில் நடக்கும் முறை, பெரிய நீளத்தை முதலில் எடுப்பது. ஒரு கம்பியில் இரண்டு 5 மீட்டர் கிடைக்கும், 2 மீட்டர் மிஞ்சும். அந்த 2 மீட்டரில் இரண்டரை வராது, ஓரமாக வைக்கவேண்டியதுதான். இப்படி 20 கம்பி போயிற்று. அடுத்து 3.5 மீட்டர்: கம்பிக்கு மூன்று, மீதி 1.5 மீட்டர், இதற்கு 20 கம்பி. கடைசியாக 2.5 மீட்டர்: கம்பிக்கு நான்கு, மீதி 2 மீட்டர், இதற்கு 10 கம்பி.

ஆக மொத்தம் 50 கம்பி. மிச்சம் 90 மீட்டர். 16 எம்.எம். கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ எடை இருக்கும் என்பதால், ஏறத்தாழ 142 கிலோ துண்டுக் குவியலுக்குப் போயிருக்கிறது. இவ்வளவுக்கும் ஓர் அளவுகூடத் தப்பவில்லை.

எட்டு வழிகள்

தவறு அளவில் இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. ஒரு கம்பியில் எந்தெந்தத் துண்டுகளைச் சேர்த்து வெட்டுவது என்ற திட்டத்துக்கு ‘வெட்டமைப்பு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். மிஞ்சும் பகுதியில் இன்னொரு துண்டு எடுக்க முடியாதபடி நிரப்பினால், இந்த மூன்று நீளங்களுக்கு எட்டே எட்டு வெட்டமைப்புகள்தான் உண்டு.

ஐந்து மீட்டர் இரண்டு என்பது ஒன்று. ஒரு ஐந்தோடு இரண்டு மூன்றரை, ஒரு ஐந்தோடு ஒரு மூன்றரை ஒரு இரண்டரை, ஒரு ஐந்தோடு இரண்டு இரண்டரை என்று மூன்று. ஐந்தே இல்லாமல் மூன்று மூன்றரை. இரண்டு மூன்றரை இரண்டு இரண்டரை. ஒரு மூன்றரை மூன்று இரண்டரை. நான்கு இரண்டரை என்று நான்கு.

இவற்றில் இரண்டு மட்டும் துளியும் மிஞ்சாதவை. 5 + 3.5 + 3.5 சரியாக 12. இரண்டு மூன்றரையும் இரண்டு இரண்டரையும் சேர்ந்தாலும் சரியாக 12. முதலாவதை 30 கம்பியில் வெட்டினால் மூன்றரை மீட்டர் 60-ம் முடிந்துவிடும், ஐந்து மீட்டரில் 30 கிடைத்துவிடும். இன்னும் தேவைப்படும் பத்து ஐந்து மீட்டர் துண்டுகளுக்கு, கம்பிக்கு இரண்டு வீதம் 5 கம்பி. இரண்டரை மீட்டர் 40-க்கு, கம்பிக்கு நான்கு வீதம் 10 கம்பி. கூட்டினால் 45. மிச்சம் 30 மீட்டர், அதாவது 47 கிலோ. ஐந்து முழுக் கம்பி, ஏறக்குறைய 95 கிலோ மிச்சப்பட்டது.

சரி, 45-க்கு வந்தாயிற்று. ஆனால் எல்லை என்று முதலில் சொன்னது 43. நடுவில் 44 இருக்கிறது. இன்னும் கொஞ்சம் மூளையைக் கசக்கினால் 44-இல் முடிக்கலாமோ? நூறு வழிகளில் முயன்று தோற்றாலும், நூற்றோராவது வழி இல்லை என்று ஆகிவிடாது. முடியாது என்பதை நிரூபிக்க வேறொரு பாதை வேண்டும். இந்தத் துறையின் அழகான யோசனை அங்கேதான் வருகிறது.

துண்டுக்கு ஒரு விலை

ஒரு முழுக் கம்பியின் விலை 12 ரூபாய் என்று கற்பனை செய்துகொள்வோம். சந்தை விலை இங்கே தேவையில்லை. துண்டுகளுக்கும் விலை போடவேண்டும். நீளத்துக்கு ஏற்றபடி 5 ரூபாய், 3.50, 2.50 என்று போடுவதுதான் இயல்பாகத் தோன்றும். அதற்குப் பதிலாக விசித்திரமாக ஒரு விலை: ஐந்து மீட்டர் துண்டுக்கு 6 ரூபாய்; மூன்றரைக்கு 3 ரூபாய்; இரண்டரைக்கும் அதே 3 ரூபாய்.

இந்த விலையில் எட்டு வெட்டமைப்புகளையும் மதிப்பிட்டால் எதுவும் 12 ரூபாயைத் தாண்டாது. இரண்டு ஐந்து என்றால் 12. ஒரு ஐந்தோடு வேறு இரண்டு துண்டுகள் என்றால், அவை எவையானாலும் 6 + 3 + 3 = 12. ஐந்து மீட்டர் இல்லாத கம்பியில் அதிகபட்சம் நான்கு துண்டுகள்தான் கிடைக்கும், அதுவும் 12. ஆக, ஒரு கம்பியை எப்படி வெட்டினாலும் அதிலிருந்து 12 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள துண்டுகள் வராது.

தேவையான துண்டுகளின் மொத்த மதிப்பு என்ன? 40 ஆறு 240, 60 மூன்று 180, 40 மூன்று 120. கூட்டினால் 540 ரூபாய். கம்பிக்கு அதிகபட்சம் 12 ரூபாய் என்றால் 540 ரூபாய்க்கு 45 கம்பி வேண்டும். 44 கம்பியில் 528 ரூபாய்க்கு மேல் எடுக்கவே முடியாது. அதோடு கேள்வி முடிந்தது. 45-தான் கடைசி எண், உலகத்தில் யார் வந்து வெட்டினாலும்.

இந்த விலையைக் கணிதத்தார் ‘நிழல் விலை’ என்பார்கள். கடையில் இல்லாத விலை, தேவைப் பட்டியலும் கம்பி நீளமும் சேர்ந்து தாமாகத் தீர்மானிக்கும் விலை.

எட்டு வெட்டமைப்புகளில் ஏழு, சரியாக 12 ரூபாய்க்கு வருகின்றன. ஒன்றே ஒன்று குறைகிறது: மூன்று மூன்றரை. அதன் மதிப்பு 9 ரூபாய். அதில் மிஞ்சுவது 1.5 மீட்டர்தான். இரண்டு ஐந்து வெட்டினால் 2 மீட்டர் மிஞ்சுகிறது, பார்வைக்கு அதுதான் பெரிய வேஸ்ட். ஆனால் குற்றவாளி அது இல்லை. முதல் முறையில் 20 கம்பிகளை மூன்று மூன்றரையாக வெட்டியபோது கம்பிக்கு 3 ரூபாய் வீதம் 60 ரூபாய் போயிற்று. 60 ரூபாய் என்றால் ஐந்து கம்பி. 50-க்கும் 45-க்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அங்கேயே இருக்கிறது.

மேஸ்திரிக்கு ஒரே ஒரு வரி போதும்: “மூன்றரையை மூணாப் போட்டு வெட்டாதீங்க.” தேவையான எண்ணிக்கை சரியாக வரும்படி மற்ற ஏழையும் எப்படிக் கலந்து வெட்டினாலும் 45-இல் முடியும்.

லெனின்கிராடு

இந்த விலை யோசனையின் மூலம் சோவியத் ரஷ்யாவில் இருக்கிறது. 1938-இல் லெனின்கிராடு நகரத்தின் ப்ளைவுட் நிறுவனத்துப் பொறியாளர்கள், இளம் கணிதப் பேராசிரியர் லியோனித் கன்டரோவிச்சிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தார்கள். பல இயந்திரங்கள், பல வகை மரங்கள். எந்த மரத்தை எந்த இயந்திரத்தில் உரித்தால் உற்பத்தி கூடும்? அவருக்கு அப்போது 26 வயது. ஒரு தொழிற்சாலைச் சிக்கலாக வந்தது, பல தொழில்களுக்கும் பொதுவான ஒரு கணக்கு என்பதை அவர் கண்டுகொண்டார். 1939-இல் வெளியிட்ட சிறு நூலில், வெட்டுக் கழிவைக் குறைப்பதும் அந்தக் கணக்குகளில் ஒன்றாக இடம்பெற்றது.

துண்டுக்கு விலை போடும் எண்களை அவர் ‘விலை’ என்று அழைக்கவில்லை. ‘தீர்வுப் பெருக்கிகள்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார். உழைப்பே மதிப்பின் ஊற்று என்பது அரசின் கொள்கையாக இருந்த ஸ்டாலின் காலத்தில், பற்றாக்குறையிலிருந்து விலை பிறக்கிறது என்று பேசுவது ஆபத்து.

போருக்குப் பின் அவரும் விக்தர் ஸல்கல்லர் என்ற கணித அறிஞரும் வெட்டுமுறைக் கணக்கைத் தொழிற்சாலைக்கே கொண்டுபோனார்கள். லெனின்கிராடின் எகோரோவ் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உலோகத் தகடு வெட்டுவதில் அது பயன்பட்டது. கழிவு அவ்வளவு குறைந்துபோனதால், அரசுக்கு ஒப்படைக்கவேண்டிய பழைய இரும்பின் இலக்கை எட்ட முடியாமல் அந்த ஆலை மாட்டிக்கொண்டது என்று ஒரு கதை கணிதத்தார் நடுவே உலவுகிறது. 1951-இல் இருவரும் சேர்ந்து வெட்டுமுறை பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்கள். 1975-இல் கன்டரோவிச்சுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

கோடிக்கணக்கான வெட்டமைப்புகள்

மூன்று நீளத்துக்கு எட்டு வெட்டமைப்புகள் என்பதால் மேலே உள்ள கணக்கு ஒரு தாளில் அடங்கிவிட்டது. நீளங்கள் கூடினால் நிலைமை கைமீறும். காகித ஆலையில் அகலமான பெரிய உருளையைக் கேட்ட அகலங்களுக்கு அறுத்துக் கொடுப்பார்கள். 200 அங்குல உருளை, 20 முதல் 80 அங்குலம் வரை நாற்பது வகை அகலம் என்றால், வெட்டமைப்புகள் ஒரு கோடியை, ஏன் பத்துக் கோடியைக்கூட எளிதில் தாண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த பால் கில்மோரும் ரால்ஃப் கோமரியும் 1961-இல் எழுதிய கட்டுரையில் இந்த எண்களைச் சொல்லி, அதிலிருந்து தப்பும் வழியையும் காட்டினார்கள். எல்லா வெட்டமைப்புகளையும் எழுதிப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் அந்த வழி.

நம் கம்பிக் கணக்கிலேயே அதைப் பார்த்துவிடலாம். ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியே வெட்டும் அந்த 50 கம்பித் திட்டத்திலிருந்து தொடங்குவோம். அதில் கம்பிக்கு இரண்டு ஐந்து, எனவே ஐந்து மீட்டருக்கு நிழல் விலை 6 ரூபாய். கம்பிக்கு மூன்று மூன்றரை, எனவே 4 ரூபாய். கம்பிக்கு நான்கு இரண்டரை, எனவே 3 ரூபாய்.

இப்போது ஒரே ஒரு கேள்வி: இந்த விலைகளில், 12 மீட்டருக்குள் அடங்கி, 12 ரூபாயைத் தாண்டும் சேர்க்கை ஏதாவது உண்டா? இது எடை தாங்கும் அளவு தெரிந்த ஒரு பையில் அதிக மதிப்புள்ள பொருள்களை அடைக்கும் கணக்கு. ‘பை நிரப்பல்’ என்று பெயர். கோடி வெட்டமைப்புகளை எழுதாமலேயே இதற்கு விடை கண்டுபிடிக்கும் முறைகள் உண்டு. நம் கணக்கில் 5 + 3.5 + 3.5 என்ற சேர்க்கை 6 + 4 + 4 = 14 ரூபாய் தருகிறது. 12 ரூபாய்க் கம்பியிலிருந்து 14 ரூபாய் வருகிறது என்றால் அந்த வெட்டமைப்பைச் சேர்க்காமல் விடுவது நஷ்டம். சேர்த்ததும் திட்டம் மாறுகிறது, 45 கம்பியாகக் குறைகிறது. அதோடு விலையும் மாறுகிறது. ஐந்து மீட்டருக்கு 6 ரூபாய் அப்படியே நிற்க, மீதி 6 ரூபாயை இரண்டு மூன்றரைகள் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கு 3 ஆகின்றன. மறுபடி அதே கேள்வி: 12 ரூபாயைத் தாண்டுவது ஏதாவது? இல்லை. நிறுத்திவிடலாம்.

பெரிய ஆலைகளில் இந்தச் சுற்று பல தடவை ஓடும். அப்போது இன்னொரு தொல்லையும் வரும். ‘இந்த வெட்டமைப்பில் 12.4 கம்பி வெட்டு’ என்று பின்னத்தில் விடை வரலாம்; 0.4 கம்பியை யாரும் வெட்ட முடியாது. முழு எண்ணாக மாற்றுவது தனி வேலை. பின்ன விடையை மேல்நோக்கி முழு எண்ணாக்கினால், உண்மையான சிறந்த விடை அதைவிட ஒரு கம்பிக்கு மேல் கூடாது என்று கணிதத்தார் ஊகிக்கிறார்கள். அதற்கு எதிரான உதாரணம் இதுவரை கிடைக்கவில்லை, நிரூபணமும் கிடைக்கவில்லை.

தாளில் 12, சைட்டில் 12 இல்லை

மிச்சமே இல்லாத வெட்டமைப்பு தாளில் அழகாக இருக்கும். வட்டக் கட்டிங் வீலில் அறுத்தால் ஒவ்வொரு வெட்டும் சுமார் 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். கட்டடக் கம்பியில் இரண்டு வெட்டுக்கு 6 மில்லிமீட்டர் குறைந்தால் பெரிய பாதகம் இல்லை. கிரில், ஜன்னல் வேலையில் அது பொருட்டு. 6 மீட்டர் பைப்பில் ஒரு மீட்டர் துண்டு ஆறு வரும் என்று நினைத்து அறுப்பவருக்கு, ஐந்து வெட்டு முடிந்ததும் கையில் நிற்பது 985 மில்லிமீட்டர். அதனால் ஒவ்வொரு துண்டின் நீளத்தோடும் வெட்டின் தடிமனைக் கூட்டி, பைப்பின் நீளத்தோடும் ஒருமுறை கூட்டிக்கொண்டு கணக்குப் போடுவார்கள்.

கம்பி பெரும்பாலும் லாரியில் நடுவில் மடித்துத்தான் வருகிறது. சைட்டில் நிமிர்த்தினாலும் ஆறாவது மீட்டர் அருகே வளைந்து நிமிர்ந்த இடம் இருக்கும். அதை முக்கியமான துண்டில் விடப் பொறியாளர்கள் விரும்பமாட்டார்கள். இரண்டு ஐந்து வெட்டும்போது 5, 2, 5 என்று குறித்தால் அந்த மடிப்பு வேண்டாத 2 மீட்டர் துண்டுக்குள் போய்விடும். நான்கு இரண்டரையிலும் இரண்டை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் எடுத்தால் அதேதான். வெட்டின் எண்ணிக்கை கூடுவதும் இல்லை. 5 + 3.5 + 3.5-க்கு இந்த வசதி கிடையாது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் நேரம். ஐந்து மீட்டர் துண்டுகள் இந்த வாரம் வேண்டும், மூன்றரை அடுத்த மாதம்தான் என்றால், மேஸ்திரி இரண்டிரண்டாக ஐந்தை வெட்டிவிட்டுப் போவார். மூன்றரையின் முறை வரும்போது அவருக்கு மூன்று மூன்றரையைத் தவிர வேறு வழி இருக்காது. 30 கம்பியில் ஐந்தை மட்டும் வெட்டி, மீதி 7 மீட்டரை அடுக்கி வைத்து, ‘மூன்றரைக்கு’ என்று பெயின்ட்டில் எழுதி வைக்கலாம். சைட்டில் ஒரு மாதம் கிடக்கும் 7 மீட்டர் கம்பியை வேறு யாரும் வேறெதற்கும் எடுக்காமல் காப்பது, நிழல் விலை கண்டுபிடிப்பதைவிடக் கடினம்.

துணி வேறு கதை

திருப்பூரில் பனியன் துணி வெட்டும் மேசையிலும் இதே கேள்விதான். ஆனால் அங்கே நீளத்தோடு அகலமும் சேர்ந்துகொள்கிறது. பல அடுக்குத் துணியை விரித்து, மேலே முன்பக்கம், பின்பக்கம், கை என்று வடிவங்களை இடைவெளி இல்லாமல் பொருத்துவார்கள். அந்த வரைபடத்துக்கு ‘மார்க்கர்’ என்று பெயர். துணியின் இழை ஓடும் திசையில்தான் வடிவத்தை வைக்கவேண்டும், இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. கழுத்து வளைவுக்கும் கை வளைவுக்கும் நடுவே விழும் சந்துகளை எதைக் கொண்டும் நிரப்ப முடியாது. எட்டு வெட்டமைப்புகளை விரலில் எண்ணியதுபோல இங்கே எண்ண முடியாது. ‘இதைவிட நெருக்கமாக வைக்கவே முடியாது’ என்று நிரூபிப்பதும் பெரும்பாலும் நடக்காத காரியம். இருந்தாலும் எத்தனை மீடியம், எத்தனை லார்ஜ் ஒரே மார்க்கரில் சேர்வது என்ற முடிவில் சேர்க்கைக் கணக்கு திரும்ப வருகிறது. பெரிய அளவின் சந்தில் சின்ன அளவின் கை நுழையும் என்பதை அனுபவசாலிகள் நன்றாகவே அறிவார்கள்.

பட்டியலையே தொட்டால்

45-க்குக் கீழே போக முடியாது என்ற நிரூபணம், பட்டியலும் கம்பி நீளமும் மாறாதவரைக்கும்தான் செல்லும். அவற்றில் எதைத் தொட்டால் பலன் என்பதற்கும் நிழல் விலையிடம் குறிப்பு இருக்கிறது. மூன்றரையும் இரண்டரையும் ஒரே விலை என்பதால், மூன்றரையில் பத்து, இருபது சென்டிமீட்டரைக் குறைத்தாலும் ஒரு கம்பிகூட மிச்சப்படாது. இரண்டரையை 2.4 ஆக்க முடிந்தாலோ ஒரு கம்பியில் ஐந்து வரும். 40 துண்டுக்கு 8 கம்பி போதும், மொத்தம் 43. இந்தப் பத்து சென்டிமீட்டரை மேஸ்திரி தன் போக்கில் வெட்டிவிடக் கூடாது. கம்பி கான்கிரீட்டுக்குள் எவ்வளவு நீளம் பிடித்து நிற்கவேண்டும் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்லவேண்டும். ஆனால் வரைபடத்தில் இருப்பது பலநேரம் வசதிக்காக முழுமையாக்கிய எண்தான். கேட்டுப் பார்த்தால் மாற்றித் தர இடமிருக்கலாம்.

பெரிய வேலைகளில், கேட்ட நீளத்தில் கம்பி தரும் ஆலைகளும் உண்டு. 45 கம்பித் திட்டத்தில் மிச்சம் வரும் 15 கம்பிகளிலும் மிஞ்சுவது ஒரே அளவு, 2 மீட்டர். அந்தப் பதினைந்தையும் 10 மீட்டராகக் கேட்டு வாங்கினால் 30 பன்னிரண்டு மீட்டரும் 15 பத்து மீட்டரும் சேர்ந்து 510 மீட்டர். தேவையும் அதே 510 மீட்டர்தான். ஆலை தனி நீளத்துக்குக் கூடுதலாகக் கேட்கும் தொகை, மிச்சமாகும் 47 கிலோ கம்பியின் விலையைவிடக் குறைவா என்று பார்க்கவேண்டும். அப்படி ஒப்பிடும்போது, 2 மீட்டர் துண்டுகள் காயலான் கடையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதையும், லின்டலுக்கோ சன்ஷேடுக்கோ அவற்றில் எத்தனை உதவியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் கணக்கைச் சரியாகப் போடுபவர்.